தாமிரப் பட்டணம்: கதைக்குள் கதை எதற்கு?

இமாமுல் அரூஸ் என்றும் மாப்பிள்ளை லெப்பை ஆலிம் என்றும் அழைக்கப்படும் செய்யிது முகம்மது ஆலிம் 1816-ல் காயல்பட்டினத்தில் பிறந்தவர். 1898-ல் கீழக்கரையில் மறைந்தார். பாரசீகத்தில் இருந்த ஒரு கதையை 1858-ல் அரபுத் தமிழுக்குக் கொண்டுவந்தார். அரபுத் தமிழ் என்றால் வேறு மொழி இல்லைங்க. தமிழை அரபு எழுத்தில் எழுதும் முறை. நூலின் பெயர் ‘மதீனத்துன் நுஹாஸ்’. நுஹாஸ் என்றால் செம்பு, ஆகவே ‘தாமிரப் பட்டணம்’. தமிழின் முதல் நாவல் இதுவா, 1879-ல் வந்த பிரதாப முதலியார் சரித்திரமா என்று ஒரு வாதம் உண்டு. அதை இங்கே தொடப்போவதில்லை.

இதே பட்டணத்தின் கதை ‘ஆயிரத்தொரு இரவுகள்’ நூலிலும் இருக்கிறது. கல்கத்தாவில் 1839 முதல் 1842 வரை அச்சான அரபுப் பதிப்பில் 566-ஆம் இரவில் தொடங்கி 578-ஆம் இரவு வரை போகிறது. கதைக்குள் கதை என்னும் உத்தி என்ன வேலை செய்கிறது என்று பார்க்க நல்ல உதாரணம் என்பதால், அந்த வடிவத்தையே எடுத்துக்கொள்கிறேன்.

வெளிச் சுற்றில் ஷஹ்ரஸாத். விடிந்தால் கொல்லப்போகும் அரசனிடம் கதை சொல்கிறாள். அவள் சொல்லும் கதையில் டமாஸ்கஸ் அரசவை. கலீபா அப்துல் மலிக் முன்னால், சுலைமான் நபி ஜின்களைச் செம்புக் குடுவைகளில் அடைத்து ஈயத்தால் முத்திரையிட்டது பற்றிப் பேச்சு வருகிறது. தாலிப் என்பவன் எழுந்து, தன் பாட்டனார் கடலில் வழிதவறி ஒரு கரையில் ஒதுங்கியபோது அப்படிப்பட்ட குடுவை திறக்கப்பட்டதைப் பார்த்தார் என்கிறான். பாட்டனார் தகப்பனாரிடம் சொன்னார், தகப்பனார் இவனிடம் சொன்னார். ஹதீஸ்களில் வரும் அறிவிப்பாளர் வரிசை மாதிரியே இருக்கு, இல்லையா? யார் வாயால் வந்தது என்று சொன்னால்தான் கேட்பவன் நம்புவான். கலீபா நம்பிவிடுகிறார். குடுவை தேடி தளபதி மூஸாவையும் தாலிபையும் அனுப்புகிறார்.

ஆக, உள்ளே சொன்ன கதைதான் வெளியே இருக்கும் ஆட்களைப் பயணம் கிளப்புகிறது. வழியில் அக்குள் வரை கல்தூணுக்குள் சிக்கிய ஒரு ஜின் தன் கதையைச் சொல்கிறது. அதுவும் சும்மா இல்லை. குடுவைகள் எந்தக் கடலில் கிடக்கின்றன, பட்டணத்துக்கு வழி எது என்று அதனிடமிருந்துதான் தெரிகிறது.

கடைசியில் பட்டணம். உள்ளே எல்லாரும் பிணம். அரசி நகைகளோடு படுத்திருக்கிறாள். கண்ணுக்குப் பின்னால் பாதரசம் வைத்திருப்பதால் உயிரோடு பார்ப்பது போலத் தெரிகிறது. பக்கத்தில் ஒரு பலகை. அதில் அவளே கதைசொல்லி: ஏழு வருஷம் மழையில்லை, முத்தைக் கொட்டிக் கொடுத்தும் தானியம் கிடைக்கவில்லை, செத்தோம், பட்டணத்துச் செல்வத்தை எடுத்துக்கொள்ளுங்கள், என் உடம்பில் இருப்பதைத் தொடாதீர்கள்.

மூஸா படித்து அழுகிறார். தாலிப்போ, செத்தவளுக்கு நகை எதற்கு, ஒரு பருத்தித் துணி போதாதா என்கிறான். மூஸா தடுத்தும் கேட்காமல் நகையில் கை வைக்கிறான். காவலுக்கு நின்ற இரண்டு சிலைகள் அசைந்து அவனை வெட்டுகின்றன.

இந்த இடத்தைக் கவனிங்க. எல்லாவற்றையும் தொடங்கிவைத்த கதைசொல்லி தாலிப். அவன் கதையைக் கலீபா கேட்டார். இன்னொருத்தி கதை சொன்னபோது அவன் கேட்கவில்லை. அதற்கு விலை உயிர். இதைச் சொல்கிற ஷஹ்ரஸாதின் உயிரும் எதிரில் இருப்பவன் கேட்பதில்தான் தொங்குகிறது. கேட்காதவன் அழிந்த கதையை அவள் யாரிடம் சொல்கிறாள்? ஆள்வதே நிலையென்று நம்பும் ஓர் அரசனிடம். ‘நீ திருந்து’ என்று நேராகச் சொன்னால் அன்றைக்கே தலை போயிருக்கும். செத்துப்போன ஓர் அரசி சொன்னதாகச் சொல்லலாம். நேரே சொல்ல முடியாததை இன்னொருவர் வாயில் வைக்க இந்த உத்தி உதவுகிறது.

இதிலிருந்து ஒரு சின்னச் சோதனை கிடைக்கிறது. வெளிக் கதையைக் கழற்றிப் பாருங்கள். நம்மூர் விக்கிரமாதித்தன் கதையில் வேதாளத்தின் புதிருக்கு ராஜா சரியாகப் பதில் சொன்னால் மௌனம் கலைந்து, வேதாளம் திரும்ப மரமேறிவிடும். அந்தச் சட்டத்தை எடுத்துவிட்டால் புதிருக்கு அவசரமே இல்லை. ஆனால் எத்தனையோ தொகுப்புகளில் ஒரு தாத்தா முதல் பக்கத்தில் கதையைத் தொடங்கி, கடைசிப் பக்கத்தில் ‘போய்ப் படுங்க’ என்பதோடு சரி. அவரை நீக்கினாலும் எதுவும் குறையாது. அங்கே சட்டம் வெறும் பெட்டி. தாமிரப் பட்டணத்தில் பலகையையோ தாலிபையோ நீக்கிப் பாருங்கள், கதை நிற்காது.