ஏரி நண்டும் இஜ்திஹாதின் வாசலும்: தொடக்கநிலை மாணவர்க்கான ஓர் ஆய்வு

1. களம்

பழவேற்காடு ஏரியை ஒட்டிய பசியாவரம் போன்ற மீனவர் குப்பங்களில் மீனோடு இறாலும் நண்டும் வலையில் ஏறுகின்றன. அவை முஸ்லிம் வீட்டுச் சட்டிக்குள் போகுமா என்பது வீட்டார் பின்பற்றும் மத்ஹபைப் பொறுத்தது. சோழமண்டலக் கரையின் மரைக்காயர்கள் பெரும்பாலும் ஷாஃபிஈ மத்ஹபினர். உள்நாட்டு இராவுத்தர்களும் உருது பேசுவோரும் பெரும்பாலும் ஹனஃபிகள். ஒரே ஏரியின் நண்டு ஒரு வீட்டில் விலக்கப்பட்டதாகவும், இன்னொரு வீட்டில் விவாதத்துக்கு உரியதாகவும் இருக்கிறது. இஜ்திஹாத் எப்படி இயங்குகிறது என்று கற்க இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு நம் கரையில் இல்லை.

இஜ்திஹாத் என்பது குர்ஆன், நபிமொழி ஆகிய மூலங்களிலிருந்து ஒரு சட்ட முடிவைப் பெற, தகுதியுள்ள அறிஞர் தம் முழு ஆற்றலையும் செலவிடுவது. அப்படிச் செய்பவர் முஜ்தஹித். அவருடைய முடிவை ஏற்று நடப்பது தக்லீத். இமாம்கள் அபூஹனீஃபா (இறப்பு 767), மாலிக் (795), ஷாஃபிஈ (820), அஹ்மத் இப்னு ஹன்பல் (855) ஆகியோரின் ஆய்வுமுறைகளைச் சுற்றி வளர்ந்தவையே இன்றைய நான்கு சுன்னி மத்ஹபுகள்.

2. மூலங்கள் ஒன்று, முடிவுகள் வேறு

குர்ஆனின் ஐந்தாம் அத்தியாயம், 96ஆம் வசனம் கடல் வேட்டையையும் கடல் உணவையும் அனுமதிக்கிறது. கடல் நீர் தூய்மையானது, அதில் செத்தது ஆகுமானது என்று ஒரு நபிமொழியும் உண்டு. மாலிக்கிகள் இவற்றைப் பொதுவாகவே எடுத்துக்கொண்டார்கள். அவர்களுக்கு நண்டில் சிக்கலே இல்லை. ஹனஃபிகளின் வாதம் வேறு. அறுக்காமல் உண்ணத்தக்க செத்த உயிர்கள் இரண்டு, மீனும் வெட்டுக்கிளியும் என்று மற்றொரு நபிமொழி வரையறுக்கிறது. அருவருப்பானவற்றைக் குர்ஆன் விலக்குகிறது. ஆகவே நீர்வாழ்வனவற்றில் மீன் மட்டுமே ஆகும் என்றார்கள். நண்டு மீன் அல்ல என்பதால் அவர்களிடம் அது கூடாது.

அப்படியானால் இறால்? ஹனஃபி மத்ஹபின் விதி மாறவில்லை, ஆனால் இறால் மீனா என்ற கேள்வி திறந்தே இருந்தது. எகிப்திய அறிஞர் தமீரீ (இறப்பு 1405) தம் விலங்கியல் நூலில் இறாலைச் சிறு மீன் வகையாகவே எழுதியிருந்தார். அரபு வழக்கையும் இத்தகைய நூல்களையும் ஆதாரமாகக் கொண்ட ஹனஃபிகள் இறாலை அனுமதித்தார்கள். உயிரியல் வகைப்பாட்டைப் பார்த்தவர்கள் தயங்கினார்கள். இவர்களில் எவரும் மத்ஹபைவிட்டு வெளியே போகவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

3. நண்டில் நிகழும் ஆய்வு

ஷாஃபிஈ மத்ஹபில் இறால் ஐயமின்றி ஆகுமானது. நண்டில்தான் சிக்கல். இமாம் நவவீ (இறப்பு 1277) தம் ‘மின்ஹாஜ்’ நூலில், நீரிலும் நிலத்திலும் வாழ்பவை கூடா என்று சொல்லித் தவளை, நண்டு, பாம்பு ஆகியவற்றை எடுத்துக்காட்டுகிறார். அவரே தம் விரிவான ‘மஜ்மூஃ’ நூலில், தவளையை விலக்கிவிட்டு, கடலில் உள்ளவை எல்லாம் ஆகும் என்ற கருத்தை வலுவானதாகக் கொள்கிறார். பிற்கால ஷாஃபிஈ அறிஞர்களான இப்னு ஹஜர் ஹைத்தமீயும் ரம்லீயும் தடையின் பக்கமே நின்றார்கள்.

நீர்வாழ் உயிர் எது என்பதற்கு ஷாஃபிஈ நூல்கள் ஒரு சோதனை வைத்திருக்கின்றன. நீரைவிட்டு வெளியே எடுத்தால், கழுத்தறுபட்ட விலங்கின் துடிப்பு அளவுக்கே அதற்கு உயிர் எஞ்ச வேண்டும். இந்தச் சோதனையைப் பழவேற்காட்டு நண்டுக் கூடையில் வைத்துப் பாருங்கள். சேற்று நண்டின் கொடுக்குகளைக் கயிற்றால் கட்டி, ஈரச் சாக்கால் மூடி வைத்தால் நாள்கணக்கில் உயிரோடு இருக்கிறது. அப்படித்தான் அது உயிரோடே சந்தைக்குப் போகிறது. திறந்த நீரில் நீந்தும் நீல நண்டு அவ்வளவு தாங்காது, விரைவில் செத்துவிடுகிறது. ‘நண்டு’ என்ற ஒரே பெயரின் கீழ் வரும் இரண்டும் ஒரே விதிக்குள் அடங்குமா? நாள்கணக்கில் ஈரச் சாக்கில் பிழைப்பது நிலத்தில் வாழ்வது ஆகுமா? விதி நூலில் இருக்கிறது. ஆனால் அது எதன்மேல் விழுகிறது என்பதை ஏரியை அறிந்தவர்களிடம் கேட்டே ஓர் ஆலிம் முடிவு செய்ய முடியும்.

இவ்வகை ஆய்வுக்கு ‘தஹ்கீக்குல் மனாத்’ என்று பெயர். விதியின் காரணம் இந்த நிகழ்வில் இருக்கிறதா என்று உறுதிசெய்வது. அந்தலூசியாவின் ஷாத்திபீ (இறப்பு 1388) இஜ்திஹாதை இரண்டாகப் பிரித்தார். மனிதர்மேல் மார்க்கக் கடமை இருக்கும்வரை நிற்கவே முடியாத வகை இதுதான் என்றும், மற்றது நின்றுபோகக்கூடும் என்றும் அவர் எழுதினார். இந்தப் பிரிவை மனத்தில் கொள்ளாமல் அடுத்த வாதத்துக்குள் போனால் குழப்பமே மிஞ்சும்.

4. ‘வாசல் மூடப்பட்டது’ என்ற வாதம்

ஜோசப் ஷாக்ட் 1964இல் வெளியிட்ட இஸ்லாமியச் சட்ட அறிமுக நூலில், ஏறத்தாழ கி.பி. 900 அளவில் எல்லா அடிப்படைக் கேள்விகளும் தீர்க்கப்பட்டுவிட்டன என்ற கருத்து அறிஞரிடையே நிலைபெற்றது, அதன்பின் விளக்கவுரையும் பின்பற்றலும்தான் எஞ்சின என்றார். நெடுங்காலம் இதுவே பாடநூல் கருத்தாக இருந்தது. வாயில் ஹல்லாக் 1984இல் எழுதிய கட்டுரையில் இதை மறுத்தார்: அப்படியோர் ஒருமித்த முடிவு எப்போதும் எட்டப்படவில்லை; முஜ்தஹித் இல்லாத காலம் ஒன்று இருக்க முடியுமா என்ற விவாதமே பிற்காலத்தது; ஹன்பலிகள் அப்படி ஒரு காலம் வராது என்றார்கள். எகிப்தின் சுயூத்தீ (இறப்பு 1505) தாம் முஜ்தஹித் என்று வெளிப்படையாக உரிமை கோரி, சமகாலத்தவரின் கடும் எதிர்ப்பைச் சந்தித்தார்.

என் கருத்தில் ஹல்லாக் வென்றது பாதிதான். இப்னுஸ் ஸலாஹ் (இறப்பு 1245) முஜ்தஹித்களைத் தரம் பிரித்து, புதிய மத்ஹபையே நிறுவத்தக்க முழுச் சுதந்திர முஜ்தஹித் நெடுங்காலமாகவே இல்லை என்று ஒப்புக்கொண்டார். மத்ஹபுக்குள் நின்று ஆய்வோர், ஒரு தனிச் சிக்கலில் மட்டும் ஆய்வோர் என்ற தரங்கள் தொடர்ந்தன. மேல்தரத்தைப் பார்த்த ஷாக்டுக்கு மூடிய வாசல் தெரிந்தது. கீழ்த்தரங்களையும் எண்ணிய ஹல்லாக்குக்குத் திறந்த வாசல் தெரிந்தது. சுயூத்தீகூடத் தம்மை ஷாஃபிஈயின் ஆய்வுமுறைக்கு உட்பட்டவராகவே கருதினார்.

இந்தியாவில் இந்த வாதத்தைப் பொதுமேடைக்குக் கொண்டுவந்தவர்களில் இக்பால் முக்கியமானவர். 1929 ஜனவரியில் சென்னையில் அவர் ஆற்றிய உரைகளும் பிறவும் 1930இல் நூலாயின. அந்நூலின் ஓர் இயலில், வாசல் மூடப்பட்டது என்பது வெறும் புனைவு என்று அவர் வாதிட்டார்; இஜ்திஹாத் உரிமை தனி அறிஞரிடமிருந்து சட்டமன்றத்துக்கு மாறலாம் என்றும் சொன்னார்.

5. காணாமற்போன கணவன்

கடற்கரைக்கு நெருங்கிய ஒரு சிக்கலில் இந்த வாதம் சோதிக்கப்பட்டது. கணவன் காணாமற்போய்ச் செய்தியே இல்லையென்றால் மனைவி எத்தனை காலம் காத்திருப்பது? ஹனஃபி விதிப்படி, அவன் வயதொத்தவர்கள் இறக்கும்வரை. ஷாஃபிஈ இமாம் ஈராக்கில் நான்கு ஆண்டு என்றவர், எகிப்துக்குப் போனபின் சாவு உறுதியாகும்வரை என்று மாற்றினார். மாலிக்கி விதி நான்கு ஆண்டு.

இந்தியாவில் ஹனஃபிப் பெண்கள் விடுதலைக்கு வேறு வழி காணாமல் மதம் மாறத் துணிந்தபோது, தேவ்பந்த் மரபின் அஷ்ரஃப் அலீ தானவீ மதீனாவின் மாலிக்கி அறிஞர்களிடம் கருத்துக் கேட்டு, நெருக்கடியில் அவர்களின் விதியை ஹனஃபிகள் ஏற்கலாம் என்று நூல் எழுதினார். தக்லீதை உறுதியாகப் போற்றிய ஒருவர் இதைச் செய்தார் என்பதுதான் மாணவர் ஊன்றிப் பார்க்க வேண்டிய செய்தி. அதன் தொடர்ச்சியாக வந்தது 1939ஆம் ஆண்டின் முஸ்லிம் திருமண முறிவுச் சட்டம். தீர்ப்பளிப்பவர் முஸ்லிம் நீதிபதியாக இருக்க வேண்டும் என்ற விதி அதிலிருந்து நீக்கப்பட்டதை உலமாக்கள் ஏற்கவில்லை. ஆயினும் நான்கு ஆண்டு விதி நிலைத்தது. நான்கு ஆண்டு செய்தி இல்லையென்றால் மனைவி நீதிமன்றத்தை நாடலாம். தீர்ப்பு ஆறு மாதம் கழித்தே நடைமுறைக்கு வரும். அதற்குள் கணவன் திரும்பி வந்து இல்லறக் கடமையை ஏற்க முன்வந்தால் தீர்ப்பு நீக்கப்படும். ஹனஃபி, ஷாஃபிஈ என்ற வேறுபாடின்றி இந்தச் சட்டம் இன்றும் நடைமுறையில் இருக்கிறது.