லயத்துக் கதவும் வார்டு எல்லையும்: பாலக்காடு, இடுக்கி எல்லைப் பகுதிகளில் வார்டு வரையறை

ஒரு பஞ்சாயத்துக்குள் வார்டுகளின் மக்கள்தொகை இயன்றவரை ஒரே அளவாக இருக்க வேண்டும் என்பது அரசியல் சட்டத்தின் 243சி பிரிவு சொல்வது. 1992இல் நிறைவேறிய 73ஆவது திருத்தம் கொண்டுவந்த விதி இது. கேரளம் 1994இல் தன் பஞ்சாயத்து ராஜ் சட்டத்தை இயற்றியபோது அதை ஏற்றுக்கொண்டது. எல்லை வரையும் பொறுப்பு பின்னர் மாநிலத் தேர்தல் ஆணையர் தலைமையிலான மறுவரையறை ஆணையத்திடம் வந்தது. மற்ற உறுப்பினர்கள் அரசுச் செயலர் நிலை அதிகாரிகள். ஆளுங்கட்சியின் கையிலிருந்து பேனா நழுவிவிட்டது என்றே இதைப் பலரும் படிக்கிறார்கள். ஆனால் தலைகளைச் சமமாக எண்ணுவதாலோ வரைபடத்தில் வடிவம் கச்சிதமாக இருப்பதாலோ மட்டும் சூழ்ச்சி நின்றுவிடுவதில்லை. அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் 1812இல் ஆளுநர் எல்பிரிட்ஜ் ஜெரி கையெழுத்திட்ட சட்டம் உருவாக்கிய தொகுதியின் கோணல் வடிவம் கேலிச்சித்திரமானதால், எல்லைச் சூழ்ச்சி என்றாலே கோணல் கோடுதான் என்ற எண்ணம் ஊன்றிவிட்டது. நேர்கோட்டாலும் அதே காரியத்தைச் செய்யலாம்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். தேவிகுளம் தாலுகாவின் தேயிலை மலைப் பஞ்சாயத்து ஒன்றில் அடுத்தடுத்த நான்கு வார்டுகள், வார்டுக்கு 1,500 பேர், மொத்தம் 6,000 பேர் என்று வைத்துக்கொள்வோம். அவர்களில் 2,400 பேர் லயங்களில் வாழும் தமிழ்த் தொழிலாளர்கள். லயங்களை நாலாகப் பிரித்து வார்டுக்கு 600 பேராகச் சேர்த்தால் எல்லா வார்டிலும் அவர்கள் நூற்றுக்கு நாற்பது. எங்கும் பெரும்பான்மை இல்லை. ஒரு வார்டை முழுக்க லயங்களால் நிரப்பி, மிஞ்சிய 900 பேரை மற்ற மூன்றில் முந்நூறு முந்நூறாகத் தூவினால் அவர்கள் பெரும்பான்மை பெறுவது ஒரே வார்டில். ஒரு வார்டு முழுவதும் அவர்களுடையது, அடுத்ததில் 900 பேர் என்று வரைந்தால் இரண்டு வார்டுகள். மூன்று வரைபடத்திலும் எல்லா வார்டும் 1,500தான். கேரள நடைமுறையில் சராசரியிலிருந்து பத்து சதவீதம் கூடவோ குறையவோ இடமுண்டு என்பதையும் சேர்த்தால் வரைபவருக்கு இன்னும் தாராளம். மொழியைப் பார்த்து வாக்கு விழும் என்று இதற்குப் பொருளில்லை. சேர்ந்து வாழும் எந்தக் கூட்டத்துக்கும், கட்சி ஆதரவாளர்களுக்கும்கூட, இதே கணக்குத்தான்.

அப்படியானால் வடிவத்தின் கச்சிதத்தைக் கணினியால் அளந்து, கோணலானதைத் தள்ளிவிடலாமே என்பார்கள். சமவெளியான சித்தூர் தாலுகாவில், வடகரப்பதி, எருத்தேம்பதி போன்ற ஊர்களில் அந்த அளவுகோல் ஓரளவு உதவும். மலையில் அது ஏமாற்றும். மூணாறு பஞ்சாயத்திலிருந்து பிரிந்து 2010இல் முதுவான் மக்களுக்காக உருவான இடமலக்குடி, கேரளத்தின் முதல் பழங்குடிப் பஞ்சாயத்து. காட்டுக்குள் சிதறிக் கிடக்கும் குடிகள்தான் அதன் அலகு. வரைபடத்தில் ஒட்டியிருக்கும் இரண்டு குடிகளுக்கு நடுவே ஓடையும் செங்குத்துச் சரிவும் இருந்தால், வட்டமாகத் தெரியும் வார்டு நடப்பவருக்கு வட்டமாக இராது. 2002ஆம் ஆண்டின் நாடாளுமன்ற, சட்டமன்றத் தொகுதி மறுவரையறைச் சட்டம் கச்சிதத்தோடு நிலத்தின் இயல்பு, நிர்வாக எல்லை, போக்குவரத்து, மக்கள் வசதி ஆகியவற்றையும் பார்க்கச் சொன்னது இதனால்தான். ஆனால் இத்தனை அளவுகோல்களில் எதை முன்வைப்பது என்ற தேர்விலேயே சூழ்ச்சிக்கு வழி பிறக்கிறது. ஓர் இடத்தில் ஓடையை எல்லையாக்கி, அடுத்த இடத்தில் அதே ஓடையைத் தாண்டிப் போயிருந்தால், காரணத்தைக் கேட்க வேண்டும்.

அதிகாரிகள் நடுநிலையோடு வரைந்தாலும் அடிக்கணக்கு பழையதானால் கோடு தவறும். 2024இல் சட்டம் திருத்தப்பட்டு, கிராமப் பஞ்சாயத்து வார்டுகள் 15,962இலிருந்து 17,337 ஆயின. மக்கள்தொகைக்கு ஆதாரம் 2011 கணக்கெடுப்பு. புதிய கோடுகள் பழைய வார்டுகளைக் குறுக்கே வெட்டுவதால், வீடுகளின் எண்ணிக்கையைச் சராசரி ஆள்கணக்கால் பெருக்கியே வார்டின் மக்கள்தொகை மதிப்பிடப்படுகிறது. இதில் ஆளில்லாத விடுதியும் ஆறு பேர் அடைந்து கிடக்கும் லயத்து அறையும் ஒரே எடை பெற்றுவிடலாம். வரைவு வெளியானதும் முதலில் சோதிக்க வேண்டியது வரைபடத்தை அல்ல, இந்த வீட்டுக் கணக்கைத்தான். பாலக்காடு மாவட்டத்தின் பட்டாம்பி நகராட்சியில் கேள்வி வேறு கோணத்தில் எழுந்தது. 2011 கணக்கை வைத்து 2015இல் வார்டு பிரித்தாகிவிட்டது; புதிய கணக்கெடுப்பு இல்லாமல் மறுபடி ஏன் பிரிக்க வேண்டும்? 2024 டிசம்பரில் கேரள உயர் நீதிமன்றத் தனி நீதிபதி அந்த வாதத்தை ஏற்று, பட்டாம்பி உள்ளிட்ட எட்டு நகராட்சிகளிலும் ஒரு பஞ்சாயத்திலும் மறுவரையறையை ரத்து செய்தார். அடுத்த ஆண்டு இருநபர் அமர்வு அத்தீர்ப்பை மாற்றியது. வார்டுகளின் எண்ணிக்கையைக் கூட்டச் சட்டமன்றத்துக்கு அதிகாரம் உண்டு, கூட்டினால் எல்லையும் மாறத்தானே வேண்டும் என்ற அரசுத் தரப்பு வாதம் சட்டப்படி வலுவானதே. ஆயினும் தனி நீதிபதி கண்ட ஆபத்து போய்விடவில்லை. புதிய கணக்கு வராமலே கோடு மாறலாம் என்றால், மாற்றும் நேரத்தைத் தேர்ந்தெடுப்பவரிடம் பாதிப் பேனா இருக்கிறது. அந்த நேரத்தைத் தேர்ந்தெடுப்பது ஆணையமல்ல, அரசு.

2025 டிசம்பர் 9 அன்று இடுக்கியும் 11 அன்று பாலக்காடும் புதிய வார்டுகளில் வாக்களித்தன. அன்று பதினெட்டு வயதில் முதல்முறை வாக்களித்தவர்கள், அந்த வார்டுகளுக்கு ஆதாரமான கணக்கெடுப்பில் சிறு குழந்தைகளாகப் பதிவானவர்கள்.