முகமாற்று டூப்

சண்டைக் காட்சியில் நாயகனுக்காகக் குதிக்கும் டூப் கலைஞரின் முகத்தை நீக்கி, நாயகனின் முகத்தைக் கணினியில் பொருத்தும் உத்தி இது. அதற்கு முன்பு டூப்பின் முதுகைக் காட்டியோ தூரத்தில் நிறுத்தியோதான் படம்பிடிப்பார்கள். ‘ஜுராசிக் பார்க்’ (1993) படத்தில் கூரையிலிருந்து தொங்கும் சிறுமிக்கு டூப் போட்டவர் தற்செயலாகக் கேமராவைப் பார்த்துவிட, அவர் முகத்தின் மேல் சிறுமியாக நடித்த அரியானா ரிச்சர்ட்ஸின் முகம் வைக்கப்பட்டது. பெங்களூரை மையமாகக் கொண்ட கன்னடத் திரையுலகம் 2016 அக்டோபரில் இன்னும் துணிந்து இறங்கியது. 2009இல் காலமான விஷ்ணுவர்தனின் தலையை மாற்று நடிகர் ஒருவரின் உடலில் பொருத்தி, கோடி ராமகிருஷ்ணா இயக்கத்தில் ‘நாகரஹாவு’ வெளிவந்தது.

முகம் அச்சு அசலாக அமைந்தால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் காட்சியை நம்பவைப்பது டூப்பின் உடலும் படப்பிடிப்புத் தளத்தில் செய்யும் முன்னேற்பாடும்தான். டூப்பின் முகத்தில் புள்ளிகள் வைத்து, தலை திரும்பும் கோணத்தை ஒவ்வொரு பிரேமிலும் பின்தொடர்கிறார்கள். பளபளக்கும் உலோகக் கோளம் ஒன்றை அதே இடத்தில் வைத்து ஒளி வரும் திசைகளைப் பதிவு செய்கிறார்கள். பிறகு நாயகனை அதே கோணத்தில், அதே ஒளியில் நடிக்கவைத்து எடுக்கிறார்கள். நாயகன் உயிரோடு இல்லையென்றால் இந்தக் கடைசி வழி அடைபட்டுவிடுகிறது. வேறு ஒளியில், வேறு வயதில் எடுத்த பழைய படங்களே கைவசம் இருக்கும். பிழை முதலில் தெரிவது கழுத்தில்தான்: தலை தோளின் மேல் வழுக்குவதுபோல இருக்கும், தாடையின் நிழல் சட்டைக் காலரில் விழாது. வேகமான அடிதடியில் அசைவின் மங்கல் இதை மறைத்துவிடும். நின்று வசனம் பேசும் நெருக்கக் காட்சியில் மறைக்க வழியில்லை.

இப்போது செயற்கை நுண்ணறிவு தானாகவே முகத்தை மாற்றிவிடுகிறதே என்று கேட்கலாம். நேர்முகத்துக்கு அது சரிதான். கை முகத்தை மறைக்கும்போதும், தலை முழுப் பக்கவாட்டில் திரும்பும்போதும் அதுவும் தடுமாறுகிறது. பிரேம் பிரேமாக ஆள் உட்கார்ந்து திருத்த வேண்டியிருக்கிறது. முகமாற்று வந்தால் உயிராபத்து நீங்கும் என்பது இன்னொரு வாதம். 2016 நவம்பர் 7 அன்று பெங்களூரு அருகே திப்பகொண்டனஹள்ளி நீர்த்தேக்கத்தில், ‘மாஸ்தி குடி’ படத்துக்காக ஹெலிகாப்டரிலிருந்து குதித்த நடிகர்கள் அனில், உதய் இருவரும் மூழ்கி இறந்தார்கள். உடன் குதித்த நாயகன் துனியா விஜய் மீட்கப்பட்டார். அங்கே முகமாற்று இருந்திருந்தால் நாயகன் குதிக்க வேண்டியிருந்திருக்காது. ஆனால் அவருக்குப் பதிலாக இன்னொருவர் அதே நீரில் விழுந்திருப்பார். முகத்தைப் பிறகு மாற்றலாம் என்பதால், அதே குதியைத் தாழ்ந்த உயரத்தில், குளத்தில், கம்பி கட்டி எடுத்துக் கம்பியை அழித்துவிட முடியும். அந்த வசதியை டூப்பின் பாதுகாப்புக்கும் பயன்படுத்தாத தயாரிப்பாளர், ஆபத்தை ஓர் உடலிலிருந்து இன்னோர் உடலுக்கு மாற்றிவிடுகிறார், அவ்வளவுதான்.