வேலைவாய்ப்பு விளம்பரங்களில் திருமண நிலை, பாலினம், சாதி

"திருமணமாகாத பெண்கள் மட்டும் தேவை", "ஆண்கள் மட்டும் விண்ணப்பிக்கவும்", "இன்ன சாதியைச் சேர்ந்த சமையல்காரர் தேவை" போன்ற அறிவிப்புகள் இந்தியாவில் நீண்ட காலமாக நாளிதழ்களிலும் சுவரொட்டிகளிலும் வெளிவந்துள்ளன. வேலைக்குத் தேவையான தகுதிக்குத் தொடர்பில்லாத ஒரு காரணத்தால் ஒருவரைத் தேர்வுக்கே வரவிடாமல் தடுப்பது பணியமர்த்தலில் பாகுபாடு எனப்படும். எனினும் இத்தகைய விளம்பரங்கள் அனைத்தையும் சட்டம் ஒரே விதமாகப் பார்ப்பதில்லை. அதற்கான காரணம் சட்டம் வளர்ந்த வரலாற்றில் இருக்கிறது.

அரசியலமைப்பின் 16ஆவது பிரிவு அரசுப் பணிகளில் சமயம், இனம், சாதி, பால், மரபு, பிறப்பிடம், வசிப்பிடம் ஆகியவற்றை மட்டுமே காரணமாகக் கொண்டு யாரையும் விலக்கக் கூடாது என்கிறது. இப்பட்டியலில் திருமண நிலை இல்லை. மேலும், இப்பிரிவு அரசையே கட்டுப்படுத்துகிறது. தனியார் முதலாளியை நேரடியாகக் கட்டுப்படுத்துவதில்லை. இந்த இரண்டு இடைவெளிகளும் எவ்வாறு ஓரளவு அடைக்கப்பட்டன என்பதே பின்வரும் வழக்குகள் சொல்லும் செய்தி.

முதலாவது வழக்கு பம்பாயைச் சேர்ந்தது. இன்டர்நேஷனல் ஃப்ரான்சைசஸ் என்ற தனியார் மருந்து நிறுவனத்தின் ஒரு பிரிவில் வேலை செய்த பெண்கள், திருமணம் ஆனவுடன் வேலையை விட்டு விலக வேண்டும் என்ற விதி இருந்தது. தொழிற்சங்கம் இதை எதிர்த்தது. வேலை குழுவாக நடப்பதால் ஒருவர் வராவிட்டாலும் பணி பாதிக்கப்படும், மணமான பெண்கள் அடிக்கடி விடுப்பு எடுப்பார்கள் என்பது நிறுவனத்தின் வாதம். 1965இல் உச்ச நீதிமன்றம் இதை ஏற்கவில்லை. கணவனை இழந்த பெண்கள் அங்கே வேலை செய்யத் தடை இல்லை. குழந்தைகள் உள்ள அவர்கள் ஒழுங்காக வேலைக்கு வர முடியுமானால், மணமான பெண்கள் மட்டும் வரமாட்டார்கள் என்று கருத என்ன ஆதாரம்? எஞ்சியிருந்தது மகப்பேறு விடுப்பு ஒன்றுதான். அதற்குச் சில மாற்றுப் பணியாளர்களை வைத்துக்கொண்டால் போதும் என்று கூறி நீதிமன்றம் அவ்விதியை நீக்கச் சொன்னது. இவ்வழக்கு தொழில் தகராறாகவே தீர்க்கப்பட்டது. தனியார் நிறுவனத்தின் மீது அரசியலமைப்புப் பிரிவுகளை நேரடியாகச் செலுத்த முடியாத நிலையில், தொழிலாளர் சட்டத்தின் வழியாக ஒரு கதவு திறந்தது எனலாம்.

அரசுப் பணியில் இதைவிடக் கடுமையான விதி இருந்தது. குடகில் பிறந்து சென்னையில் கல்லூரிக் கல்வி பெற்ற சி. பி. முத்தம்மா, 1949இல் இந்திய வெளியுறவுப் பணியில் சேர்ந்த முதல் பெண். அப்பணிக்கான 1961ஆம் ஆண்டு விதிகளில் இரண்டு கவனிக்கத்தக்கவை. மணமான பெண் எவரும் இப்பணியில் நியமனத்தை உரிமையாகக் கோர முடியாது என்றது ஒன்று. பணியில் உள்ள பெண் திருமணம் செய்துகொள்ள அரசின் எழுத்துப்பூர்வ அனுமதி பெற வேண்டும், குடும்பக் கடமைகள் பணிக்கு இடையூறாகும் என்று அரசு கருதினால் பின்னர் அவரைப் பதவி விலகச் சொல்லலாம் என்றது மற்றொன்று. ஆண் அதிகாரிகளுக்கு இவ்விரண்டும் பொருந்தவில்லை. பதவி உயர்வு மறுக்கப்பட்ட முத்தம்மா உச்ச நீதிமன்றத்தை நாடினார். வழக்கு நடந்துகொண்டிருக்கும்போதே அரசு அவருக்குப் பதவி உயர்வு அளித்தது. விதிகளில் ஒன்றை நீக்கிவிட்டதாகவும் மற்றொன்றை நீக்கவிருப்பதாகவும் தெரிவித்தது. அதனால் 1979 செப்டம்பரில் மனு முறைப்படி தள்ளுபடி செய்யப்பட்டது. ஆனால் நீதிபதி வி. ஆர். கிருஷ்ண ஐயர் எழுதிய தீர்ப்பு, குடும்பப் பொறுப்பு பெண்ணுக்கு இடையூறானால் ஆணுக்கும் அவ்வாறே ஆகலாம் அல்லவா என்று கேட்டது. மனு தோற்றாலும் வாதம் வென்ற வழக்கு இது.

இந்தக் கேள்வியில்தான் திறவுகோல் உள்ளது. திருமண நிலை தடைப்பட்டியலில் இல்லாவிட்டாலும், மணமான பெண்ணை விலக்கி மணமான ஆணை ஏற்கும் விதி உண்மையில் பாலினப் பாகுபாடே ஆகிறது. ஆண், பெண் இருபாலருக்கும் ஒரே மாதிரி விதித்தால் வாதம் இவ்வளவு எளிதாக அமையாது. நீதிமன்றங்கள் எப்போதும் ஒரே திசையில் சென்றன என்றும் சொல்ல முடியாது. 1981இல் ஏர் இந்தியா விமானப் பணிப்பெண்கள் வழக்கில், முதல் கருவுறுதலோடு வேலையை இழக்கச் செய்த விதியை உச்ச நீதிமன்றம் நீக்கியது. பணியில் சேர்ந்து நான்கு ஆண்டுகளுக்குள் மணம் செய்யக் கூடாது என்ற விதியையோ நியாயமானதாக ஏற்றுக்கொண்டது.

இவற்றுக்கிடையில் சட்டமும் மாறியது. 1974இல் டெல்கோ நிறுவனம் பொறியாளர் பணிக்குப் பெண்கள் விண்ணப்பிக்க வேண்டாம் என்று அறிவித்தது. பெங்களூரில் முதுகலைப் பொறியியல் பயின்ற சுதா குல்கர்னி (பின்னர் சுதா மூர்த்தி) ஜே. ஆர். டி. டாட்டாவுக்கு ஓர் அஞ்சலட்டை எழுதினார். நேர்காணலுக்கு அழைக்கப்பட்டு வேலையும் பெற்றார். அப்போது அவர் சுட்டிக்காட்ட அஞ்சலட்டைதான் இருந்தது, சட்டப் பிரிவு இல்லை. 1976ஆம் ஆண்டின் சம ஊதியச் சட்டம் அக்குறையைப் போக்கியது. ஊதியச் சட்டம் என்ற பெயரால் பலர் கவனிக்கத் தவறினாலும், ஒரே வேலைக்கு அல்லது ஒத்த தன்மையுள்ள வேலைக்கு ஆள் எடுக்கும்போது பெண்களுக்கு எதிராகப் பாகுபாடு காட்டக் கூடாது என்று அதன் 5ஆவது பிரிவு தனியார் முதலாளிக்கும் விதித்தது. பெண்களை அமர்த்தச் சட்டமே தடை செய்த வேலைகள் மட்டும் விலக்கு. இவ்விதி பின்னர் 2019ஆம் ஆண்டு ஊதியச் சட்டத் தொகுப்பில் இடம்பெற்றது.

தமிழ்நாட்டில் இப்பிரிவு 2024இல் பேசுபொருளாயிற்று. ஸ்ரீபெரும்புதூர் அருகிலுள்ள ஃபாக்ஸ்கான் ஐபோன் தொழிற்சாலையில் மணமான பெண்கள் வேலைக்கு எடுக்கப்படுவதில்லை என்று அவ்வாண்டு ஜூன் மாதம் ராய்ட்டர்ஸ் செய்தி வெளியிட்டது. நிறுவனம் அதை மறுத்தது. மத்திய தொழிலாளர் அமைச்சகம் சம ஊதியச் சட்டத்தின் 5ஆவது பிரிவைக் குறிப்பிட்டு மாநிலத் தொழிலாளர் துறையிடம் அறிக்கை கேட்டது. மணமான பெண்கள் அங்கே பணிபுரிவது உண்மையே என்றாலும், சிலர் இருப்பதால் மட்டும் பாகுபாடு இல்லை என்று ஆகிவிடாது. விளம்பரத்தில் என்ன எழுதியிருந்தது, வாயிலில் தாலியையோ மெட்டியையோ பார்த்து யாராவது திருப்பி அனுப்பப்பட்டார்களா, அதே வேலைக்கு வந்த மணமான ஆணிடம் அக்கேள்வி கேட்கப்பட்டதா என்பவையே பார்க்க வேண்டியவை. ஆள் எடுக்கும் வேலை பெரும்பாலும் ஒப்பந்த முகவர்களிடம் இருப்பதால் பொறுப்பு யாருடையது என்று நிறுவுவது கடினம். அச்சிட்ட விளம்பரம் கிடைத்தால் அதுவே வலுவான சான்று. விளம்பரத்திலிருந்து அச்சொற்கள் நீங்கினாலும் நேர்காணலில் அக்கேள்வி நீடிக்கக்கூடும் என்பதையும் மறக்கலாகாது.

சாதி பற்றிய நிலை வேறு. அரசு விண்ணப்பத்தில் வகுப்பு கேட்கப்படுவது இட ஒதுக்கீட்டுக்காக; அதற்கு 16ஆவது பிரிவிலேயே இடமுண்டு. கோயில் போன்ற சமய நிறுவனங்களின் பதவிகளுக்கு அச்சமயத்தவரையே கோரவும் அப்பிரிவு அனுமதிக்கிறது. அது சமயத்துக்கான விலக்கு, சாதிக்கானது அன்று. தனியார் துறையில் சாதி கேட்பதைப் பொதுவாகத் தடுக்கும் சட்டம் இல்லை. ஆனால் தீண்டாமையின் காரணமாக ஒருவருக்கு வேலையை மறுப்பது 1955ஆம் ஆண்டுக் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டத்தின் 4ஆவது பிரிவின்படி குற்றம். பாதிக்கப்பட்டவர் பட்டியல் சாதியினர் என்றால், மாறாக நிறுவப்படும்வரை தீண்டாமையே காரணம் என்று நீதிமன்றம் கொள்ள வேண்டும் என 12ஆவது பிரிவு கூறுகிறது. பிற சாதியினர் விலக்கப்படும்போது அந்த வழி இல்லை. 2019 நவம்பரில் ரயில்வே உணவு ஒப்பந்த நிறுவனம் ஒன்று அகர்வால் வைசிய சமூகத்து ஆண்கள் மட்டும் வேண்டும் என்று விளம்பரம் செய்து கண்டனத்துக்கு உள்ளானது. அந்த ஒரே விளம்பரத்தில் 'ஆண்கள் மட்டும்' என்ற பகுதியைக் கேள்வி கேட்கச் சம ஊதியச் சட்டம் கையில் இருந்தது. 'இன்ன சமூகம் மட்டும்' என்ற பகுதிக்கு அவ்வளவு நேரடியான பிரிவு இல்லை.