மூன்று மாசத்துக்கு 32, ஒரு வருசத்துக்கு 29: தலைகீழான வட்டியின் கதை

2022 டிசம்பர் கடைசியில் இலங்கை அரசாங்கம் மூன்று மாசத்துக்குக் கடன் வாங்க ஏறத்தாழ 32.6 சதவீத வட்டி கொடுத்தது. அதே கிழமையில் ஒரு வருசத்துக்கு வாங்கிய கடனுக்குக் கொடுத்ததோ 29.3 சதவீதம்தான். ஹட்டனிலோ நுவரெலியாவிலோ சீட்டுப் பிடிக்கிற யாரிடமும் இதைச் சொன்னால் முதலில் சிரிப்பார்கள். நீண்ட நாளைக்குக் காசைக் கொடுப்பவனுக்குத்தானே கூட வட்டி வரவேண்டும்? காசு அவ்வளவு காலம் கையில் இல்லை, இடையில் விலைவாசி ஏறலாம், வாங்கினவன் நொடிந்தும் போகலாம். இந்த வழமை புரண்டு நிற்கும் நிலையைத்தான் பொருளியலில் 'தலைகீழ் விளைவு வளையி' என்கிறார்கள். தவணையைக் கிடையாகவும் வட்டியை நிலையாகவும் போட்டுக் கோடு கீறினால், மேலே ஏறவேண்டிய கோடு கீழே இறங்கும்.

அது எப்படி நடந்தது என்று பார்க்க, முதலில் அந்தக் கடன் பத்திரத்தைப் பார்ப்போம். திறைசேரி உண்டியல் என்பது அரசாங்கத்தின் குறுங்காலக் கடன் சீட்டு. 91 நாள், 182 நாள், 364 நாள் என்று மூன்று தவணை. வட்டியைத் தனியாகக் கொடுப்பதில்லை, விலையைக் குறைத்து விற்பார்கள். 32.6 சதவீதத்தில் 91 நாள் உண்டியலை வாங்கியவர் சுமார் 92 ரூபா 45 சதம் கொடுத்து, மூன்று மாசம் கழித்து 100 ரூபா எடுத்தார். 29.3 சதவீதத்தில் 364 நாள் உண்டியலை வாங்கியவர் சுமார் 77 ரூபா 35 சதம் கொடுத்து, வருசம் முடிய 100 ரூபா எடுத்தார்.

சரி, மூன்று மாச உண்டியலையே நான்கு தடவை திரும்பத் திரும்ப வாங்கினால் கூடக் கிடைக்காதா? வட்டி அப்படியே நின்றிருந்தால் கிடைத்திருக்கும். 100 ரூபா வருச முடிவில் சுமார் 137 ரூபா ஆகியிருக்கும். ஒரு வருச உண்டியலிலோ 129 ரூபாதான். இருந்தும் ஒரு வருச உண்டியலை வாங்க ஆட்கள் இருந்தார்கள். ஏன்? வட்டி அப்படியே நிற்காது, விழும் என்று அவர்கள் கணக்குப் போட்டார்கள். இரண்டு வழியும் சமமாக வரவேண்டுமென்றால், மிச்சம் ஒன்பது மாசத்தில் மூன்று மாச வட்டி சராசரியாக 24.5 சதவீதத்துக்கு இறங்கவேண்டும். அந்தக் கோணல் கோட்டுக்குள் ஒளிந்திருந்த எதிர்வுகூறல் இதுதான்.

நடந்தது என்ன? மூன்று மாச வட்டி 2023 மார்ச் கடைசியில் சுமார் 26, ஜூன் கடைசியில் சுமார் 23, செப்டம்பரில் சுமார் 17. கடைசியில் பார்த்தால் ஒரு வருசத்துக்குப் பூட்டியவரின் கைதான் கொஞ்சம் ஓங்கியிருந்தது.

இனி, வட்டி அந்த உயரத்துக்கு ஏன் போனது என்ற கேள்வி. 2022 ஏப்ரலில் மத்திய வங்கி தன் கொள்கை வட்டியை ஒரே நாளில் 7 சதவீதப் புள்ளி உயர்த்தியது. அடுத்த சில நாளிலேயே, ஏப்ரல் 12ஆம் திகதி, வெளிநாட்டுக் கடனைத் திருப்பிக் கொடுப்பதை நிறுத்துவதாக அரசாங்கம் அறிவித்தது. செப்டம்பரில் கொழும்புப் பணவீக்கம் 69.8 சதவீதத்தைத் தொட்டது. ஆனாலும் வருசக் கடைசியில் மத்திய வங்கி தானே கடன் கொடுக்கும் வட்டி 15.5 சதவீதம்தான். உண்டியல் வட்டி அதைப்போல இரண்டு மடங்கு. அந்த இடைவெளி பயத்தின் விலை. 'வெளிநாட்டுக் கடனை நிறுத்தின அரசாங்கம் நாளைக்கு உள்நாட்டுக் கடனிலும் கை வைக்குமோ?' என்ற பயம் அது. ஆபத்து கிட்டத்தில் இருக்கும்போது கிட்டத் தவணைதான் அதிகம் சுடும். அந்தக் கண்டத்தைத் தாண்டிவிட்டால் வட்டி இறங்கும் என்ற நம்பிக்கை நீண்ட தவணையில் தெரியும்.

2023 மார்ச்சில் சர்வதேச நாணய நிதியம் கடனுக்கு ஒப்புதல் கொடுத்தது. ஜூன் கடைசியில் உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்புத் திட்டம் வெளியானது. மக்களும் வங்கிகளும் வைத்திருந்த உண்டியல்களில் கை வைப்பதில்லை என்று அதில் தெளிவானதும் பயத்தின் விலை கரைந்தது. வட்டி மளமளவென்று விழுந்தது.

அப்படியென்றால் பொருளியலாளர்கள் இந்தக் கோட்டைக் கண்டு ஏன் கலங்குகிறார்கள்? இந்தப் பேச்சு அதிகம் அமெரிக்காவில் பிறந்தது. 1986இல் கம்பெல் ஹார்வி என்பவர் சிக்காகோப் பல்கலைக்கழகத்தில் செய்த ஆய்வு இதற்கு ஒரு தொடக்கம். அங்கே நீண்ட தவணை வட்டி குறைவாக நிற்கிறதென்றால், 'பொருளாதாரம் படுக்கப் போகிறது, மத்திய வங்கி வட்டியைக் குறைத்தே ஆகவேண்டும்' என்று சந்தை நினைக்கிறது என்று அர்த்தம். 2008 நெருக்கடிக்கு முன்பும் கோடு புரண்டது. ஆனால் 2022இல் புரண்டு ஏறத்தாழ இரண்டு வருசம் அப்படியே கிடந்தபோது, எதிர்பார்த்த மந்தம் அந்தக் காலத்துக்குள் வரவில்லை. ஆகவே இது சோதிடம் இல்லை, சந்தையின் ஊகம் மட்டும்தான். எங்கள் நாட்டிலோ கோடு மந்தத்தை முன்கூட்டிச் சொல்லவேயில்லை. 2022இல் பொருளாதாரம் 7 சதவீதத்துக்கு மேல் ஏற்கெனவே சுருங்கிக்கொண்டிருந்தது. கோடு சொன்னது வட்டி இறங்கும் என்பதை மட்டும்.

கலங்குவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. குறுந்தவணைக் காசை நம்பி ஓடுகிற எல்லோரையும் இது நெரிக்கும். வங்கிகள் குறுங்காலத்துக்கு வைப்பு வாங்கி நீண்ட காலத்துக்குக் கடன் கொடுப்பவை, அவற்றின் இலாபம் சுருங்கும். எங்கள் மலையகத்தில் தேயிலைத் தொழிற்சாலைகளின் கதையும் கிட்டத்தட்ட அதுதான். இன்றைக்குக் கொழுந்து எடுத்து அரைத்தால், கொழும்பு ஏலத்தில் விற்றுக் காசு வரக் கிழமைகள் ஆகும். சம்பளம், விறகு, மின்சாரம் எல்லாம் அதற்கு முன்னமே கொடுக்கவேண்டும். நடுவிலுள்ள ஓட்டையை அடைப்பது குறுங்காலக் கடன். நல்ல வாடிக்கையாளருக்கு வங்கிகள் கொடுக்கும் வட்டி 2021 கடைசியில் 8.6 சதவீதம், 2022 கடைசியில் 27ஐத் தாண்டியது. அதே வருசம் உரத் தடையின் பாதிப்பால் நாட்டின் தேயிலை உற்பத்தி ஏறத்தாழ 30 கோடி கிலோவிலிருந்து 25 கோடிக்கு விழுந்திருந்தது. கொழுந்தும் குறைவு, காசும் விலை.

மறுபக்கத்தில், நீண்ட தவணையில் பூட்டிக் கிடந்தவர்கள் யார்? தோட்டத் தொழிலாளரின் சம்பளத்தில் மாசாமாசம் பிடிக்கிற ஊழியர் சேமலாப நிதி மத்திய வங்கியின் கையில் இருக்கிறது. அதன் பெரும்பகுதி நீண்டகாலத் திறைசேரி முறிகளில் கிடந்தது. கொழும்பில் கையில் காசிருந்தவர் மூன்று மாசத்துக்கு 32 சதவீதம் எடுத்த 2022இல், சேமலாப நிதி அங்கத்தவருக்குக் கிடைத்த வட்டி 9 சதவீதம். மறுசீரமைப்பு வந்தபோது உண்டியல் வைத்திருந்தவர் தப்பினார், சேமலாப நிதி தன் முறிகளை 2038 வரை நீளும் புதிய முறிகளுக்கு மாற்றவேண்டி வந்தது. முதலில் 12 சதவீதம், 2026 முதல் 9 சதவீதம். மாற்றாவிட்டால் 14 சதவீத வரி 30 ஆகும் என்பது நிபந்தனை.

கோடு புரண்டபோது விரும்பிய தவணைக்கு ஓடிப்போக முடிந்தவர்களுக்கு அது ஒரு வாய்ப்பு. தன் காசு எந்தத் தவணையில் கிடக்கிறது என்று யாரும் கேட்காத, கேட்டாலும் மாற்ற முடியாத பிரட்டுக்களத்து மனிசருக்கு அந்த வாய்ப்பு வரவேயில்லை. அடுத்த தடவை செய்தியில் உண்டியல் ஏல முடிவு வரும்போது, 91 நாள் வட்டியையும் 364 நாள் வட்டியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எது பெரிசு என்பதோடு நிறுத்தாமல், எங்கள் அம்மாமாரின் சேமிப்பு இதில் எந்தப் பக்கம் நிற்கிறது என்றும் கேளுங்கள்.