நட்டம் எந்தப் படியில் நேர்ந்தது? கும்பகோணம் வங்கி ஒன்றின் காலாண்டு முடிவுகளை முன்வைத்து

1. சிக்கல்

1904ஆம் ஆண்டு அக்டோபர் 31 அன்று பதிவான கும்பகோணம் வங்கி, இன்று சிட்டி யூனியன் வங்கி என்ற பெயரில் நாடெங்கும் கிளைகளுடன் இயங்குகிறது. அதன் பதிவு அலுவலகம் இன்றும் கும்பகோணத்தில்தான் இருக்கிறது. பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட நிறுவனம் என்பதால், 2015ஆம் ஆண்டின் செபி விதிமுறைப்படி காலாண்டு முடிந்து 45 நாட்களுக்குள் முடிவுகளை வெளியிட வேண்டும். ஆண்டின் கடைசிக் காலாண்டுக்கு மட்டும் 60 நாட்கள். பதிவு அலுவலகம் இருக்கும் வட்டாரத்தின் மொழியில் வரும் நாளிதழ் ஒன்றிலும் முடிவுகள் குறித்த அறிவிப்பு இடம்பெற வேண்டும் என்கிறது அதே விதி. ஆக, தமிழில் அறிவிப்பு தருவது சட்டம் விதித்த கடமை. அதற்குப் பொருள் சொல்வது செய்தியாளர் கையில் விடப்பட்ட வேலை.

கலைச்சொற்களை எளிதாக்கிவிட்டால் இந்த வேலை முடிந்துவிடும் என்ற எண்ணம் பரவலாக உள்ளது. அது போதாது என்பதே இக்கட்டுரையின் வாதம். வருமானத்திலிருந்து நிகர லாபம் வரை ஒரு கணக்கு படிப்படியாக இறங்குகிறது. மாற்றம் எந்தப் படியில் நிகழ்ந்தது என்பதைச் சொல்லும் செய்தியே வாசகருக்கு விளங்கும். அதற்கு இவ்வங்கியின் 2020 மார்ச் காலாண்டு நல்ல சான்று.

2. வருமானம் என்பது எது?

அரிசி ஆலைக்காரர் ஒருவரின் விற்பனைத் தொகை கூடியது என்றால், அவர் அதிக மூட்டை விற்றிருக்கலாம். அல்லது நெல் விலையோடு அரிசி விலையும் ஏறியிருக்கலாம். இரண்டாவது நிலையில் விற்பனைக் கணக்கு பெருத்தாலும் அவர் கையில் நிற்பது கூடாது. வங்கியின் ‘மொத்த வருமானம்’ என்ற வரியும் இப்படிப்பட்டதுதான். கடன் வாங்கியவர்கள் தரும் வட்டி அதன் பெரும்பகுதி. அதில் ஒரு பங்கை வைப்பு வைத்தவர்களுக்குத் திருப்பித் தந்தாக வேண்டும். 2022 மே முதல் 2023 பிப்ரவரி வரை ரிசர்வ் வங்கி ரெப்போ விகிதத்தை 4 விழுக்காட்டிலிருந்து 6.5 விழுக்காடாக உயர்த்தியது. அப்போது வங்கிகளின் மொத்த வருமானம் உயர்ந்ததில் வட்டி விகிதத்தின் பங்கும் இருந்தது. வைப்புக்குத் தரும் வட்டியும் பின்தொடர்ந்து ஏறியது.

ஆகவே வங்கியைப் பொறுத்தவரை வாசகருக்கு முதலில் சொல்ல வேண்டிய தொகை, வாங்கிய வட்டியில் கொடுத்த வட்டி போக மிஞ்சும் நிகர வட்டி வருமானம். அதனுடன் கட்டணம் முதலிய பிற வருமானத்தைக் கூட்டி, சம்பளம், வாடகை உள்ளிட்ட செலவுகளைக் கழித்தால் கிடைப்பது செயல்பாட்டு லாபம். அதிலிருந்து வாராக்கடன் முதலியவற்றுக்கான ஒதுக்கீட்டையும் வரியையும் கழித்தபின் நிற்பதே நிகர லாபம்.

3. 2020 மார்ச்: ஒரு காலாண்டை வாசித்தல்

2019 மார்ச் காலாண்டில் 175 கோடி ரூபாய் நிகர லாபம் ஈட்டிய வங்கி, 2020 மார்ச் காலாண்டில் 95 கோடி ரூபாய் நிகர நட்டம் காட்டியது. இந்த இரண்டு எண்களோடு செய்தி நின்றுவிட்டால், வியாபாரம் படுத்துவிட்டது என்றே வாசகர் கொள்வார். அந்த மார்ச் மாதம் 5ஆம் தேதிதான் யெஸ் வங்கியில் பணம் எடுப்பதற்கு 50,000 ரூபாய் என வரம்பு விதிக்கப்பட்டிருந்தது. அந்தச் சூழலில் வைப்பு வைத்தவருக்கு எழக்கூடிய முதல் கேள்வி, தன் பணம் பத்திரமா என்பதே.

கணக்கைப் படிப்படியாகப் பார்த்தால் வேறு சித்திரம் கிடைக்கிறது. செயல்பாட்டு லாபம் வரை வங்கி லாபத்தில்தான் இருந்தது. அடுத்த படியான ஒதுக்கீடு அதை விழுங்கி மேலும் கேட்டது. இதற்கு இரண்டு காரணங்களைக் காட்டலாம். முதலாவது, மொத்த வாராக்கடன் ஓராண்டில் 2.95 விழுக்காட்டிலிருந்து 4.09 விழுக்காடாகக் கூடியிருந்தது. இரண்டாவது, கொரோனா ஊரடங்கை ஒட்டி ரிசர்வ் வங்கி கடன் தவணைகளை ஒத்திவைக்க அனுமதித்து, தவணை தவறியிருந்தும் அச்சலுகையால் வாராக்கடன் ஆகாமல் நின்ற கணக்குகளுக்கு 10 விழுக்காடு ஒதுக்கீடு வைக்கச் சொன்னது. அதில் குறைந்தது பாதியை மார்ச் காலாண்டிலேயே வைக்க வேண்டியிருந்தது.

ஒதுக்கீடு என்பது அன்றே வெளியே போய்விட்ட பணம் அன்று. வரக்கூடிய இழப்புக்காக லாபத்திலிருந்து முன்கூட்டியே எடுத்து வைக்கும் தொகை அது. கடன் வசூலானால் பின்னர் திரும்ப எழுதிக்கொள்ளலாம். காலாண்டு நட்டத்தை முதலில் தாங்குவது பங்குதாரர்களின் சொந்த நிதி. வைப்பு வைத்தவரின் பணம் அன்று. இவ்வங்கியின் சொந்த நிதி அப்போது 5,000 கோடி ரூபாய்க்கு மேல் இருந்தது. 95 கோடி நட்டத்தை அதன் பக்கத்தில் வைத்துக் காட்டும் ஒரே வாக்கியம் வாசகரின் கேள்விக்குப் பதிலாகிவிடும்.

முழு ஆண்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். முந்தைய மூன்று காலாண்டுகளின் லாபம் ஏறத்தாழ 571 கோடி. அதில் மார்ச் நட்டம் போக, 2019–20 ஆண்டின் நிகர லாபம் 476 கோடி. அதற்கு முந்தைய ஆண்டில் அது 683 கோடி. ‘வங்கி நட்டத்தில்’ என்ற தலைப்பு காலாண்டுக்குப் பொருந்தும், ஆண்டுக்குப் பொருந்தாது. கடைசிக் காலாண்டின் எண் தனியே எண்ணிப் பெறப்படுவதும் இல்லை. தணிக்கையான ஆண்டுக் கணக்கிலிருந்து முதல் ஒன்பது மாதக் கணக்கைக் கழித்துப் பெறும் மிச்சமே அது. அதனால் ஆண்டு முடிவில் செய்யும் திருத்தங்கள் யாவும் இந்த ஒரு காலாண்டின் தலையில் விழுகின்றன.

4. எதோடு எதை ஒப்பிடுவது?

2020 ஜூன் காலாண்டில் வங்கி 154 கோடி ரூபாய் நிகர லாபம் காட்டியது. மார்ச்சோடு ஒப்பிட்டால், நட்டத்திலிருந்து மீண்டுவிட்டது எனலாம். 2019 ஜூனில் இருந்த சுமார் 186 கோடியோடு ஒப்பிட்டால், லாபம் 17 விழுக்காடு சரிந்தது எனலாம். இரண்டும் உண்மையே, ஒன்றை மட்டும் தருவது பாதி உண்மை. நெல் பூமியில் இதை விளக்குவது எளிது. சம்பா அறுவடைக்குப் பிந்தைய கையிருப்பைக் குறுவை அறுவடையோடு ஒப்பிட்டு விவசாயி முடிவுக்கு வரமாட்டார்; சென்ற ஆண்டுச் சம்பாவோடுதான் ஒப்பிடுவார். அதே போல், சென்ற ஆண்டின் அதே காலாண்டை முதல் ஒப்பீடாகவும், முந்தைய காலாண்டைத் துணை ஒப்பீடாகவும் கொள்வதே முறை. லாபம் நட்டமாக மாறிய இடத்தில் விழுக்காடு போடுவது பொருளற்றது. அங்கு ரூபாயில் மட்டுமே சொல்ல வேண்டும்.

5. வரும் காலம் பற்றிய பேச்சு

முடிவுகளோடு நிர்வாகம் சொல்லும் எதிர்பார்ப்பு, ஒரு நிபந்தனையின் மேல் நிற்கும் மதிப்பீடு. நிபந்தனையை விட்டுவிட்டு எண்ணை மட்டும் எழுதினால் மதிப்பீடு வாக்குறுதியாகிவிடும். 2020 நடுவில் அந்த நிபந்தனை தெளிவாகவே இருந்தது: தவணை ஒத்திவைப்பு ஆகஸ்ட் 31 வரை நீண்டதால், ஒத்திவைப்பில் இருந்த கடன்கள் வாராக்கடன் கணக்கில் ஏறவில்லை. பிறகு செப்டம்பர் 3 அன்று உச்ச நீதிமன்றமும் ஒத்திவைப்பு முடியும்வரை அவ்வாறு வகைப்படுத்தப்படாத கணக்குகளை வாராக்கடன் என அறிவிக்கத் தடை விதித்தது. ஆகவே ஜூன் காலாண்டு லாபம் உண்மைதான் என்றாலும், அதை வைத்து மீட்சியை உறுதிப்படுத்த இயலாது. அன்று வாசகருக்குத் தேவைப்பட்டது, கடன்களில் எத்தனை விழுக்காடு ஒத்திவைப்பில் நிற்கிறது என்ற ஒரு வரி.

பின்னர் நடந்தது இதை உறுதி செய்கிறது. 2021 மார்ச்சில் வங்கியின் மொத்த வாராக்கடன் 5 விழுக்காட்டைத் தாண்டியது. ஆனால் ஆண்டு லாபம் 593 கோடி, 760 கோடி, 937 கோடி என ஏறி, 2023–24இல் 1,016 கோடியைத் தொட்டது. 2018–19இன் 683 கோடியைக் கடக்க அது மூன்று ஆண்டுகள் எடுத்துக்கொண்டது. 95 கோடி நட்டத்தைக் கண்டு எழுந்த அச்சமும், 154 கோடி லாபத்தைக் கண்டு எழுந்த நிம்மதியும் இந்த வரலாற்றை முன்னுணர்த்தவில்லை.

6. முடிபு

காலாண்டுச் செய்தியின் முதல் பத்தியில் மாற்றம் நேர்ந்த படியும், ஒப்பிட்ட காலாண்டும், முழு ஆண்டின் நிலையும் இருக்க வேண்டும். எதிர்பார்ப்பை எழுதும்போது அதன் நிபந்தனையோடு, சென்ற முறை சொன்ன எதிர்பார்ப்பு என்னவாயிற்று என்பதையும் சேர்க்க வேண்டும். அப்படி எழுதியிருந்தால் 2020இல் கும்பகோணத்து வைப்பாளர் படித்திருக்கக்கூடிய வாக்கியம் இதுதான்: ‘வங்கியின் அன்றாடத் தொழில் லாபத்தில் இருக்கிறது; வாராமல் போகக்கூடிய கடனுக்காக எடுத்து வைத்த தொகையே நட்டத்துக்குக் காரணம்; அது போதுமா என்பது தவணை ஒத்திவைப்பு முடிந்த பிறகே தெரியும்.’