சீவியன்: ஒரு கோட்டின் பெயர்

முக்கோணத்தின் ஓர் உச்சியிலிருந்து எதிர்ப்பக்கத்துக்கு வரையப்படும் எந்தக் கோடும் சீவியன் எனப்படும். நடுக்கோடு, குத்துக்கோடு, கோண இருசமவெட்டி ஆகிய மூன்றும் இதில் அடங்கும். தமிழ்நாட்டுப் பத்தாம் வகுப்புப் பாடநூலில் இதற்குரிய தேற்றம் 'சீவாஸ் தேற்றம்' என்று வழங்குகிறது. கடைசி எழுத்து ஆங்கில வேற்றுமை உருபின் எச்சம், பெயருக்குரியவர் சேவா.

இத்தாலியரான ஜியோவன்னி சேவா 1678இல் வெளியிட்ட லத்தீன் நூலின் தலைப்பிலேயே 'நிலையியல்' என்ற சொல் உண்டு. அவர் உச்சிகளில் எடைகளை வைத்து வடிவியலை நிறுவினார். ஆனால் தேற்றம் அவருக்கு முந்தியது. 11ஆம் நூற்றாண்டில் ஸ்பெயினின் சரகோசாவை ஆண்ட அல்முத்தமான் தம் கணித நூலில் அதை நிறுவியிருந்தார். அது சேவாவின் கைக்கு எட்டியதாகச் சான்றில்லை. கோட்டுக்கு அவர் பெயர் வந்தது இன்னும் பின்னால், 19ஆம் நூற்றாண்டின் இறுதியில், பிரெஞ்சு மொழி வழியாக.

BC, CA, AB பக்கங்களின் மேல் முறையே D, E, F புள்ளிகள் இருந்தால், AD, BE, CF ஒரே புள்ளியில் சந்திப்பதற்கு அந்தத் தேற்றம் தரும் நிபந்தனை இது:

(BD/DC) × (CE/EA) × (AF/FB) = 1

AB = 13, BC = 14, CA = 15 என்ற முக்கோணத்தின் உள்வட்டம் பக்கங்களை D, E, Fஇல் தொடட்டும். ஓர் உச்சியிலிருந்து வட்டத்துக்கு வரையும் இரு தொடுகோடுகளும் சம நீளமுள்ளவை. Aயிலிருந்து அவை 7, Bயிலிருந்து 6, Cயிலிருந்து 8. எனவே பெருக்கல் (6/8) × (8/7) × (7/6), சுருக்கினால் 1.

பெருக்கல் 1 ஆனால் கோடுகள் ஏன் சந்திக்க வேண்டும்? சேவாவின் வழியில், A, B, C உச்சிகளில் 24, 28, 21 எடைகளை வைக்கலாம். 28 × 6 = 21 × 8 என்பதால் B, C எடைகள் Dயில் சமன்படும். 21 × 8 = 24 × 7 என்பதால் C, A எடைகள் Eயிலும், 24 × 7 = 28 × 6 என்பதால் A, B எடைகள் Fஇலும் சமன்படும். B, C இரண்டையும் Dயில் வைத்த ஒரே எடையாகக் கொண்டால், மொத்த எடையின் மையம் AD மேல் விழும். இதேபோல் BE மேலும் CF மேலும் விழும். எடை மையம் ஒன்றே. ஆகவே மூன்று கோடுகளும் அதன் வழியே செல்கின்றன. பெருக்கல் 1 ஆகாவிட்டால், இரண்டு பக்கங்களுக்குப் பொருத்திய எடைகள் மூன்றாவது பக்கத்தில் சமன்படா. இந்தச் சந்திப்புக்கு ஜெர்கோன் புள்ளி என்று பெயர். அது ADஐ 49 : 24 என்ற விகிதத்தில் பிரிக்கிறது.

மாணவர் வழுக்குமிடம் ஒன்றுண்டு. CBயை B பக்கமாக நீட்டி, Bக்கு அப்பால் 42 அலகில் Dயை வைத்தால், BD/DC நீளவிகிதம் 42/56, அதுவும் 6/8தான். பெருக்கல் 1 ஆகவே நிற்கும், மூன்று கோடுகளோ ஒரே புள்ளியில் சந்திக்கா. அங்கே D, E, F மூன்றும் ஒரே கோட்டில் அமைகின்றன, அது மெனிலாஸ் தேற்றத்தின் எல்லை. பக்கத்துக்கு வெளியே விழும் புள்ளியின் விகிதத்தைக் குறை எண்ணாகக் கொண்டால் பெருக்கல் −1 ஆகி, இரண்டும் பிரிந்துவிடும்.